சப்பாணிக்கு வந்த கார்டு

*(ராஜா தலை அச்சிட்ட காலணாக் கார்டு)*

சிவமயம்
ஆழ்வார்குறிச்சி,
1912, ஐப்பசி 12

சிரஞ்சீவி ஆவுடைநாயகத்துக்கு, அப்பா அம்பலவாணன் மனமுவந்து ஆசீர்வதித்து எழுதியது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். உன் சுகம் அறிய ஆவல்.

நாளை 13, ரோகிணி. உனக்குப் பதினான்கு வயது பூர்த்தி. இன்று காலைத் தபால் பையில் இதைச் சேர்த்தால் அம்பாசமுத்திரத்தில் ரயிலேறி, நாளைப் பகல் இடைவேளைக்குச் சரியாக உன் பள்ளிக்கூடத்துக்கு வந்து விடும். கணக்குப் பார்த்துத்தான் முத்திரை குத்துகிறேன். உனக்காகக் கட்டிய பாட்டு:

சப்பாணி கொட்டியெங்கள் சாணித் தரையெல்லாம்
குப்புற வீழ்ந்தும் குலுங்கிச் சிரித்தவனே
அப்பத்தைக் கையிலே அள்ளிமுகம் பூசியவா
ஒப்பில்லாச் செல்வா உனக்குவய தீரேழே.

சிவசைலத்தில் உன் பெயருக்கு அர்ச்சனை சொல்லியிருக்கிறது. அம்மா சொல்கிறாள்: எண்ணெய் தேய்த்துக் குளி. வயிற்றில் பூச்சித் தொந்தரவு இருந்தால் வெட்கப்படாமல் விளக்கெண்ணெய் குடி. சப்பாணிக் கண்ணுக்கு அம்மாவின் முத்தம்.

*

பாளையங்கோட்டை,
1912, ஐப்பசி 15

அப்பா அவர்கள் பாதங்களில் ஆவுடைநாயகம் வணங்கி எழுதுவது. நான் சுகம். அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

கார்டு வந்தது. இதை அரையணா உறை வாங்கி ஒட்டி அனுப்புகிறேன். காரணம் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

இங்கே தபால் வந்தால் பள்ளிக்கூட வராந்தாவில் ஒரு மரத்தட்டில் போட்டு விடுவார்கள். பகல் இடைவேளையில் யார் முதலில் ஓடுகிறானோ அவன் எடுத்துப் பெயர் சொல்லிக் கொடுப்பான். அன்றைக்கு எடுத்தவன் சத்தியநேசன். பாளையங்கோட்டை வக்கீல் மகன், என் வகுப்பு. உறை என்றால் கையில் கொடுத்திருப்பான். கார்டாக இருந்ததால் பெஞ்சின் மேல் ஏறி நின்று ராகம் போட்டுப் படித்தான். பாட்டோடு நிறுத்தவில்லை. விளக்கெண்ணெயையும் படித்தான். முப்பது பேர் சிரித்தார்கள். நான்காம் பாரத்துப் பையன்கள் மட்டுமல்ல, மேல் வகுப்புக்காரர்களும்.

"ஏலே சப்பாணி, எந்திச்சு நடப்பியா, தூக்கிட்டுப் போகணுமா?" என்று கேட்கிறார்கள். மூன்று நாளாக என் பெயர் அதுதான்.

இங்கே யாருடைய அப்பாவும் பாட்டு எழுதுவதில்லை. இனிமேல் பிறந்த நாளுக்கு ஒன்றும் எழுத வேண்டாம். அர்ச்சனை செய்தால் மனசுக்குள் செய்தால் போதும். முக்கியமாகக் கார்டு வேண்டவே வேண்டாம்.

அன்புள்ள மகன்,
வே. அ. ஆவுடைநாயகம்

*

ஆழ்வார்குறிச்சி,
1912, ஐப்பசி 17

சிரஞ்சீவி ஆவுடைநாயகத்துக்கு ஆசீர்வாதம். இருவரும் சுகமே.

உன் கடிதம் கிடைத்தது. நீ எழுதியது சரி. பிசகு என்னுடையது. காலையில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி, அதற்கு முன்னும் பின்னும் தபால் பை என்று ஒன்பது வருஷமாக இரண்டு வேலையும் பார்க்கிறேன். இந்த ஊரில் பாதிப் பேருக்கு வருகிற கார்டை நான்தான் வாசித்துச் சொல்கிறேன். தபால் பை சுமக்கிற ரன்னர் சுடலையாண்டிகூட, "வாத்தியாரே, கொழும்புக்காரன் பொண்டாட்டிக்கு என்னமோ கோவமா எழுதிருக்கான் போல" என்று மேலாகப் பார்த்தே சொல்லி விடுவான். கார்டு என்பது தெருவில் போகிறவர்கள் எல்லோருக்கும் எழுதுவது என்று எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? ஆனாலும் உனக்கு எழுதும்போது அது நினைவில் இல்லை.

உன் அம்மாவிடம் உன் கடிதத்தை முழுக்கப் படிக்கவில்லை. கார்டு நேரத்துக்கு வந்ததாம், சந்தோஷமாம் என்றேன். நீயும் அப்படியே வைத்துக்கொள்.

இனி உறையில்தான் எழுதுவேன். பிறந்த நாளுக்கு ஒன்றும் எழுதமாட்டேன்.

அம்பலவாணன்

*

ஆழ்வார்குறிச்சி,
1913, மாசி 4

எங்க ராசா ஆவுடைக்கு அம்மா உலகம்மாள் எழுதுறது. நல்லா இருக்கியா. சாப்பாடு எப்படி. நாங்க நல்லா இருக்கோம்.

நான் எழுதி நாளாச்சு. எழுத்து கோணலா இருக்கும், சிரிக்காதே. கல்யாணத்துக்கு அப்புறம் உங்க அப்பாதான் எனக்கு எழுத்துச் சொல்லித் தந்தாக. அவுக எழுதுற காயிதத்தில எனக்கு ஒரு ஓரம் தருவாக, இப்ப அதுவும் இல்ல. ரெண்டு வரியில முடிச்சு ஒட்டிருதாக. "ஏன் இப்படி எழுதுதிய" ன்னு கேட்டா, "பெரிய பையன், படிக்கிற நேரம்" ங்காக. தீபாவளிக்கும் வந்தே, பொங்கலுக்கும் வந்தே. அப்பாவும் மகனும் அசலூர் விருந்தாளி ரெண்டு பேரு மாதிரிப் பேசிக்கிட்டீக. என்னமோ இருக்கு. எங்கிட்டச் சொல்ல மாட்டேங்கீக.

வார செவ்வாக்கிழமை பெரிய தபாலாபீசுல இன்ஸ்பெக்டரு அப்பாவை வரச் சொல்லிருக்காக. காலை வண்டியில வாராக. உனக்கு முறுக்கும் ரெண்டு வேட்டியும் தாரேன். பள்ளிக்கூடத்து வாசல்ல சாயந்தரம் நிப்பாக. கூட நின்னு நாலு வார்த்தை பேசு. காப்பி வாங்கிக் கொடு.

அம்மா

*

பாளையங்கோட்டை,
1913, மாசி 12

அம்மாவுக்கு நமஸ்காரம். நான் சுகம்.

அப்பா வந்தார்கள். முறுக்கும் வேட்டியும் கிடைத்தன. முறுக்கு உடையவில்லை. இன்ஸ்பெக்டர் நல்லபடியாகப் பேசினாராம். அப்பா அவசரமாக வண்டிக்குப் போக வேண்டியிருந்தது. அதனால் காப்பி சாப்பிட நேரமில்லை.

பரீட்சை வருகிறது. அதிகம் எழுத நேரமில்லை.

ஆவுடைநாயகம்

*

ஆழ்வார்குறிச்சி,
1913, மாசி 15

சிரஞ்சீவி ஆவுடைநாயகத்துக்கு ஆசீர்வாதம். இங்கே சுகம், உன் சுகத்துக்கு எழுது.

நீ மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாமல் இருக்க இதை எழுதுகிறேன். படித்ததும் கிழித்து விடு.

அன்றைக்கு வாசலில் நீ வருவதற்கு முன்னாலேயே உன் சிநேகிதன் சத்தியநேசன் வந்து விட்டான். என் கையிலிருந்த ஓலைப்பெட்டியில் உன் பெயர் எழுதியிருந்ததைப் பார்த்தான். "ஆவுடையைப் பாக்க வந்திருக்கீரா? நீர்தான் அவுக வீட்டுக் கணக்குப்பிள்ளையா? பாட்டுக்கட்டி கார்டு எழுதுனது நீர்தானா?" என்று கேட்டான். மரியாதைக் குறைவாகக் கேட்கவில்லை. நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குப் புரிந்தது. அந்த நேரம் நீயும் வந்து நின்றாய். உன் முகத்தைப் பார்த்தேன். ஆமாம் என்றேன்.

பிறகு நடந்ததும் ஒன்றுமில்லை. அவன் பந்து மட்டைகளை ஒரு சாக்கில் கட்டி வைத்திருந்தான். "கணக்குப்பிள்ளை, இதை அந்த ஜட்கா வண்டியில வச்சிரும்" என்றான். வைத்தேன். பெரிய கனமில்லை.

நான் யாரிடமும் மாற்றிச் சொல்ல மாட்டேன். உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. பரீட்சையை நன்றாக எழுது.

அம்பலவாணன்

*

பாளையங்கோட்டை,
1913, ஐப்பசி 6

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஆவுடைநாயகம் வணங்கி எழுதுவது. நான் சுகம். அங்கே எல்லோரும் சுகந்தானா?

ஆவணியிலிருந்து அப்பா கையெழுத்தில் மூன்று கடிதந்தான் வந்திருக்கிறது. மூன்றிலும் சேர்த்துப் பத்து வரி இல்லை.

எங்கள் சாப்பாட்டு விடுதியில் சமையல்காரர் பஞ்சாங்கம் வைத்திருக்கிறார். 3ஆம் தேதி ரோகிணி என்று போட்டிருந்தது. அன்று பகல் இடைவேளையில் தபால் தட்டைப் பார்த்தேன். மறுநாளும் பார்த்தேன். நேற்றும் பார்த்தேன். நான்தான் எழுத வேண்டாம் என்று சொன்னேன், அது எனக்கு நினைவிருக்கிறது. வேறு ஒன்றுமில்லை, வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லையோ என்றுதான் கேட்கிறேன். உடனே பதில் போடவும்.

தீபாவளிக்கு என்னால் வர முடியாது. சேரன்மகாதேவிப் பக்கம் மழையில் ரயில் பாதை உடைந்திருப்பதாகச் சொல்கிறார்கள். எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஆவுடைநாயகம்

*

ஆழ்வார்குறிச்சி,
1913, ஐப்பசி 9

ராசா ஆவுடைக்கு அம்மா எழுதுறது. எங்களுக்கு ஒண்ணும் இல்ல, பயப்படாதே.

உன் பொறந்தநாள் இன்னும் வரல. இந்த வருஷம் ஐப்பசியில ரோகிணி ரெண்டு தடவை வருது. 3ஆம் தேதி ஒண்ணு, 30ஆம் தேதி ஒண்ணு. ஒரே மாசத்துல நட்சத்திரம் ரெண்டு வந்தா பின்னால வாரதுதான் கணக்கு. நீ முன்னால உள்ளதைப் பாத்துட்டுக் காத்திருந்திருக்கே.

காத்திருந்தியா? நீ எழுத வேண்டாம்ன்னு சொன்னதா எழுதிருக்கியே, அது எப்ப? எங்கிட்ட யாரும் சொல்லல. அதான் போன மாசம் அவுக பாட்டு எழுதி எழுதிக் கிழிச்சாகளா? நான் அடுப்புல போடப் போகும்போது பாத்தேன். நாலு தாள். "ஏன் கிழிக்கிய, நல்லாத்தான இருக்கு" ன்னேன். "அவனுக்கு வெக்கமா இருக்கும்" ன்னாக. பெத்தவங்க நல்லா இருன்னு சொன்னா அதுல என்னலே வெக்கம்?

கோடை லீவு பூராவும் ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ரெண்டு பேரும் முகத்தைப் பாத்துப் பேசல. நான் மாத்தி மாத்திச் சோறு போட்டதுதான் மிச்சம். எனக்கு ராத்திரி பகல் நிம்மதி இல்ல. என்ன நடந்துச்சு? அவுக வாயைத் தொறக்க மாட்டாக. நீ சொல்லு.

அம்மா

*(கீழே வேறு கையெழுத்தில்)*

மழை என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இங்கே தபால் பை தினமும் நேரத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள். அம்பலவாணன்.

*

பாளையங்கோட்டை,
1913, ஐப்பசி 24

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஆவுடைநாயகம் விழுந்து வணங்கி எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

இதை இரண்டு பேரும் சேர்ந்து படிக்க வேண்டும். அப்பா எதையும் விட்டு விட்டுப் படிக்கக் கூடாது.

அம்மா, போன வருஷம் அப்பா கார்டில் எழுதிய பாட்டைப் பையன்கள் உரக்கப் படித்துச் சிரித்தபோது, "யாருலே இதை எழுதுனது, ஒங்க அப்பாவா?" என்று சத்தியநேசன் கேட்டான். நான், "எங்க வீட்டுக் கணக்குப்பிள்ளை. கிழம். அம்மா சொல்லச் சொல்ல எழுதி, கூடவே பாட்டும் கட்டிரும்" என்று சொல்லி விட்டேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்தது. அப்படியானால் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். நிலம் பார்க்கிறார்கள் என்றேன். நமக்குத் தாத்தா காலத்தில் நிலம் இருந்ததுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாசி மாசம் அப்பா வந்தார்கள். சத்தியநேசன் அப்பாவைக் கணக்குப்பிள்ளை என்று கூப்பிட்டு மூட்டையைத் தூக்கச் சொன்னான். அப்பா தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். வாய் திறக்கவில்லை. தீபாவளிக்கு மழை என்று எழுதியதும் பொய். அப்பா முகத்தைப் பார்க்க முடியாமல் வரவில்லை.

அம்மாவின் கடிதத்தைப் பதினைந்து நாளாகச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அப்பா பாட்டைக் கிழித்ததாக எழுதியிருந்த இடத்தைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. நேற்று இடைவேளையில் எல்லோரும் வராந்தாவில் இருக்கும்போது சத்தியநேசனிடம் சொன்னேன்.

"மாசி மாசம் வந்தது எங்க அப்பாலே. கணக்குப்பிள்ளை இல்ல. வாத்தியாரு, போஸ்ட் மாஸ்டர். பாட்டும் அவுகதான் எழுதுனாக."

சிரிப்பான் என்று நினைத்தேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் முகம் செத்துப் போயிற்று. "ஒங்க அப்பாவையா நான் மூட்டை தூக்கச் சொன்னேன்? நீ பக்கத்துல நின்னியேலே. நின்னுக்கிட்டுல்லா இருந்தே" என்றான். "என்னை இப்படிப் பாவம் செய்ய வச்சிட்டியே" என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினான். பிறகு விட்டு விட்டான். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. இன்றைக்கு வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்து விட்டான்.

என்ன தண்டனை என்றாலும் கொடுங்கள். ஆனால் எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

ஆவுடைநாயகம்

*

ஆழ்வார்குறிச்சி,
1913, ஐப்பசி 27

ஆவுடைநாயகத்துக்கு அப்பா எழுதுவது.

நீ சொன்னபடி எதையும் விடாமல் வாசித்தேன். மூட்டை வருகிற இடத்தில் நிறுத்தினேன். "வாசிங்க" என்றாள் உன் அம்மா. முழுக்க வாசித்தேன். எழுந்து போய்க் கிணற்றில் தண்ணீர் இறைத்தாள். இரண்டு குடம் போதும், பத்துக் குடம் இறைத்தாள். இன்னும் என்னோடும் பேசவில்லை. எட்டு மாசம் மறைத்தவன் நானல்லவா.

நீ உண்மையை எழுதியதால் நானும் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் ஆமாம் என்று சொன்னதை உன் மேல் உள்ள பிரியத்தால் சொன்னதாக நீ நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் எழுதினேன். அது பிரியம் இல்லை. கோபம். வாசலிலிருந்து ஜட்கா நின்ற வேப்பமரம் வரை நாற்பது அடி இருக்கும். ஒவ்வொரு அடிக்கும் நீ "அப்பா" என்று கூப்பிடுவாய் என்று பார்த்தேன். வேண்டுமென்றே பைய நடந்தேன். மூட்டையை வைத்து விட்டுத் திரும்பியபோது நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு எழுதிய கடிதங்களை எல்லாம் இரண்டு வரியில் முடித்ததும் அந்தக் கோபந்தான். உனக்குக் கஷ்டமாக இருக்கட்டும் என்றே சுருக்கினேன். பதினான்கு வயசுப் பையனோடு நாற்பது வயசுக்காரன் நடத்துகிற சண்டையா இது?

வயசு வந்த பையனுக்கு ஊரறியக் கொஞ்சல் ஆகாது. அதை நீ சொன்னபோதே நான் சரியாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். கொஞ்சாதே என்றாய்; பேசாதே என்றதாக எடுத்துக்கொண்டேன்.

சத்தியநேசன் எனக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறான். அதில் உள்ளதை உனக்குச் சொல்ல மாட்டேன், அது எனக்கு எழுதியது. நல்ல பையன். அவனே வந்து பேசட்டும் என்று இருக்காதே. நீ போய்ப் பேசு. அவன் எழுந்து போனாலும் மறுநாளும் போ.

பிறந்த நாளுக்கு உன் அம்மா எழுதுவதாக இருக்கிறாள். என்ன எழுதுவாள் என்று எனக்குத் தெரியாது. உறையை நான் பிரித்துப் பார்க்க மாட்டேன், முத்திரை மட்டும் குத்துவேன்.

அப்பா

*

ஆழ்வார்குறிச்சி,
1913, ஐப்பசி 29

ஆவுடைக்கு அம்மா எழுதுறது.

நாளைக்கு ரோகிணி. இது அன்னைக்கே உன் கையில கிடைக்கணும்ன்னு காலைப் பையில போடச் சொல்லிருக்கேன்.

உங்க அப்பா மன்னிச்சிட்டாக. அவுக மனசு அப்படி. நான் இன்னும் மன்னிக்கல. மன்னிச்சிட்டேன்னு எழுதினா அது பொய்யி. இந்த வீட்டுல ஒரு வருஷமா பொய்யி போதும்.

மூட்டை தூக்கினது பெரிசில்ல. எங்க அய்யா, உங்க அப்பா எல்லாரும் தூக்கினவங்கதான். அவுக பக்கத்துல நீ நின்னே பாரு, அதை நினைச்சா சோறு இறங்கல. ராத்திரி ரயில்ல வந்து எறங்கி, "பையன் நல்லா இருக்கான், காப்பி வாங்கிக் கொடுத்தான்" ன்னு எங்கிட்டச் சொன்னாக. நீயும் இல்லாம, காப்பியும் இல்லாம, காலையில குடிச்ச கஞ்சியோட வந்திருக்காக. நீ காப்பிக்கு நேரமில்லன்னு எழுதினப்பவே எனக்குத் தட்டுச்சு, என்னன்னு இப்பத்தான் தெரியும்.

ஆனா நீயா எழுதினே. யாரும் கேட்டுப் பிடிக்கல. பையங்க முன்னால சொல்லிருக்கே. உனக்கு எம்புட்டு நடுங்கிருக்கும்ன்னு எனக்குத் தெரியும், நான் பெத்தவ. அதையும் நினைச்சுக்கிட்டுத்தான் இதை எழுதுதேன்.

நாளைக்குச் சிவசைலத்துக்கு நானும் அப்பாவும் போறோம். உன் பேரு சொல்லி அர்ச்சனை. மனசுக்குள்ள இல்ல, அய்யர் சத்தமாத்தான் சொல்லுவாரு. அங்க உன் சிநேகிதங்க யாரும் இல்ல.

கார்த்திகைக்கு வா. வந்து எம்முன்னால நில்லு. நான் ஏசுவேன், கேட்டுக்கோ. ஏசி முடிச்சப்புறம் சாப்பிடலாம்.

பதினஞ்சு முடிஞ்சுது. நல்லா இரு.

அம்மா